அசையாமல் நிற்பதும் நடப்பதும்: கெண்டைக்காலுக்குள் என்ன வித்தியாசம்?

அசையாமல் நிற்கும்போது இதயம் முதல் கணுக்கால் வரையுள்ள ரத்தத்தின் எடை முழுவதும் பாதச் சிரைகளை அழுத்துகிறது. அங்கே அழுத்தம் சுமார் 90 மி.மீ. பாதரசம்.

நடந்தால்? 10, 12 எட்டுக்குள் அது 30-ஐ ஒட்டி இறங்கிவிடும். குதிகால் எழும்போது கெண்டைத்தசை இறுகி, உள்ளே ஓடும் ஆழ்சிரைகளைப் பிழிய, ரத்தம் மேலே ஏறுகிறது. தசை தளரும்போது சிரைகளுக்குள் உள்ள வால்வுகள் மூடி அதைத் திரும்பவிடாமல் தடுக்கின்றன. காலியான ஆழ்சிரைக்குள் தோலடிச் சிரைகளின் ரத்தம் புகுகிறது. இந்தத் தளர்வுதான் பாதி வேலை என்பேன். அதனால் நுனிக்காலில் எம்பி அப்படியே நிற்பது போதாது, ஏறி இறங்க வேண்டும்.

வால்வு பழுதானால் நடந்தாலும் அழுத்தம் சரியாக இறங்காது. மாலையில் கணுக்கால் வீங்கி, அழுத்தினால் குழி விழலாம்; இதய, சிறுநீரகக் கோளாறிலும் அப்படி விழும் என்பதால் மருத்துவர்தான் பிரித்துச் சொல்ல வேண்டும்.