ஆய்வுக் கட்டுரை எடுத்துத் தருவதாகச் சொல்லி 4,720 ரூபாய் வாங்கிவிட்டார்கள். மலையில் இருப்பவர்கள் கவனமாக இருங்கள்

இன்று காலையிலிருந்து அந்த வாட்ஸ்அப் எண்ணில் முகப்புப் படம் தெரியவில்லை. அனுப்புகிற செய்திக்கு ஒற்றை டிக்தான். என்னைத் தடுத்துவிட்டார்கள். 4,720 ரூபாய் போய்விட்டது. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன், ஏனென்றால் இதே ஆட்கள் கொடைக்கானல் பக்கத்து ஆசிரியர்கள், மாணவர்கள் இருக்கிற குழுக்களில்தான் வலை வீசிக்கொண்டிருக்கிறார்கள்.

நான் இங்கே ஒரு தனியார் பள்ளியில் வேலை பார்க்கிறேன். எங்கள் ஊர்ப் பக்கம் புல்வெளியை விழுங்கிப் பரவுகிற வாட்டில் என்கிற அயல்நாட்டு மரங்களை அகற்றுவது பற்றி வனத்துறைக்கு ஒரு மனு தயார் செய்கிறோம். சும்மா வெட்டிப் போட்டால் மண்ணில் கிடக்கிற விதை முளைத்து முன்பைவிட அடர்த்தியாக வரும். அதனால் வெட்டிய பிறகு என்ன செய்வது என்பதற்கு ஆதாரம் வேண்டும். அதற்கு மூன்று ஆய்வுக் கட்டுரைகள் தேவைப்பட்டன. முக்கியமான கட்டுரை ஒரு வெளிநாட்டு ஆய்விதழில் பூட்டிக் கிடந்தது. அந்த ஒன்றைத் திறக்கவே மூவாயிரம் ரூபாய்க்கு மேல் கேட்டார்கள்.

அப்போதுதான் இந்தச் சேவை கண்ணில் பட்டது. "எந்த ஆய்வுக் கட்டுரையும் சட்டப்படி, 24 மணி நேரத்தில்" என்று போட்டிருந்தார்கள். கேட்டதும் பேசியவர் அவ்வளவு பொறுமையாகப் பேசினார். "மேடம், நாங்க திருட்டு சைட் எல்லாம் தொடவே மாட்டோம். எங்களுக்கு நேரடி லைப்ரரி அனுமதி இருக்கு. நீங்க மனுவில் தைரியமா இணைக்கலாம்" என்றார். கட்டுரைகளின் தலைப்பை அனுப்பியதும், ஆசிரியர்கள் யார், எந்த ஆண்டு வந்தது என்று அவரே சொன்னார். விஷயம் தெரிந்தவர் என்று நம்பினேன். மூன்றுக்கும் 4,000, ஜிஎஸ்டி 720, ஆக மொத்தம் 4,720. ஜிஎஸ்டி போடுகிறவர்கள் முறையான ஆட்களாகத்தானே இருப்பார்கள்? வந்த ரசீதில் ஜிஎஸ்டி பதிவு எண்ணே இல்லை.

24 மணி நேரம் தாண்டி, நாலு முறை கேட்ட பிறகு மூன்று பிடிஎஃப் வந்தன. ஒவ்வொன்றாகச் சொல்கிறேன், இதில்தான் அவர்கள் தொழிலே இருக்கிறது.

முதலாவது, பழனி மலையில் நாற்பது ஆண்டுகளில் புல்வெளி மூன்றில் இரண்டு பங்கு சுருங்கிவிட்டது என்று காட்டும் 2018ஆம் ஆண்டுக் கட்டுரை. அது வந்தது PLOS ONE ஆய்விதழில். அந்த ஆய்விதழில் எல்லாமே இலவசம். பெயர் குறிப்பிட்டால் போதும், யாரும் எடுக்கலாம், பகிரலாம் என்ற உரிமத்தோடுதான் வெளியிடுகிறார்கள். இதற்கு என்னிடம் காசு வாங்கியிருக்கிறார்கள்!

இரண்டாவதில் ஒவ்வொரு பக்கத்தின் ஓரத்திலும் ஒரு வெளிநாட்டுப் பல்கலைக்கழக நூலகத்தின் பெயரும் பதிவிறக்கிய தேதியும் அச்சாகியிருந்தன. அந்த நூலகச் சந்தாவுக்குள் யாரோ ஒருவரின் கடவுச்சொல்லை வைத்து நுழைந்து எடுத்தது போலத்தான் இருக்கிறது. "நேரடி லைப்ரரி அனுமதி" என்பதன் லட்சணம் இது. இதை நான் அரசுத் துறைக்குக் கொடுக்கும் மனுவில் இணைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

மூன்றாவதுதான் அந்த முக்கியமான கட்டுரை. அது அந்தக் கட்டுரையே இல்லை. பக்க ஓரத்தில் வரி எண்கள், வரிகளுக்கு நடுவே அகலமான இடைவெளி, படங்களெல்லாம் கடைசியில். ஆய்விதழின் பெயர் எங்கும் இல்லை. பக்கத்தின் மேல் ஓரம் வெட்டப்பட்டிருந்தது. பூட்டிய கட்டுரைக்கும் சுருக்கம் மட்டும் இலவசமாகத் தெரியும் அல்லவா, அதோடு ஒப்பிட்டேன். ஆய்வு செய்த இடங்களின் எண்ணிக்கையே வேறாக இருந்தது. இது மற்ற ஆய்வாளர்கள் சரிபார்ப்பதற்கு முன்பு bioRxiv தளத்தில் ஆசிரியர்களே இலவசமாக ஏற்றி வைத்த முன்வரைவு. அந்தத் தளத்தில் ஒவ்வொரு பக்கத்தின் மேலும் இது சரிபார்க்கப்படாதது என்று எச்சரிக்கை வரி இருக்கும். அந்த வரியை வெட்டிவிட்டுத்தான் எனக்கு விற்றிருக்கிறார்கள்.

கேட்டேன். "மேடம், கன்டென்ட் ஒண்ணுதான், ஃபார்மேட் மட்டும் வேற." எண்ணிக்கை வேறாக இருப்பதைப் படம் எடுத்து அனுப்பினேன். "பப்ளிஷர் சைடில் அப்டேட் ஆகியிருக்கும் மேடம், செக் பண்றோம்." பிறகு, "இதை டெக்னிக்கல் டீம் பார்க்கணும்." பிறகு, "டிஜிட்டல் பொருளுக்கு ரீஃபண்ட் கிடையாது, நீங்க ஃபைலை ஓப்பன் பண்ணிட்டீங்க." திறந்து பார்க்காமல் அது தப்பான கட்டுரை என்று எப்படித் தெரியும்? பதில் இல்லை. வங்கியில் கேட்டால், "நீங்களே பின் போட்டு அனுப்பியதும்மா, நாங்க என்ன செய்ய முடியும்" என்று முடித்துவிட்டார்கள். 4,720 ரூபாய் அவர்களுக்கு ஒன்றுமில்லை போலிருக்கிறது.

அப்புறம் மதுரையில் கல்லூரி நூலகராக இருக்கும் என் சித்தி மகளிடம் புலம்பினேன். "அக்கா, டிஓஐ எண்ணை மட்டும் அனுப்புங்க" என்றாள். டிஓஐ என்பது கட்டுரையின் நிரந்தர அடையாள எண். 10 என்று தொடங்கும், நடுவில் சாய்கோடு இருக்கும், பூட்டிய பக்கத்திலும் தலைப்புக்குப் பக்கத்தில் போட்டிருப்பார்கள். அதை வைத்து Unpaywall என்கிற தளத்தில் தேடச் சொன்னாள். ஆசிரியர்களோ, பல்கலைக்கழகங்களோ, பதிப்பகமோ முறையாக இலவசமாக வைத்திருக்கிற பிரதி எங்கே இருக்கிறது என்று மட்டும் காட்டுகிற இலாப நோக்கமற்ற தளம் அது. கணினியில் குரோம், ஃபயர்ஃபாக்ஸ் உலாவிகளுக்கு நீட்டிப்பு உண்டு. கட்டுரைப் பக்கத்தைத் திறந்தால் வலது ஓரத்தில் பூட்டுப் படம் வரும். பச்சையாக இருந்தால் இலவசப் பிரதி இருக்கிறது, சாம்பல் நிறமென்றால் கிடைக்கவில்லை. என்னிடம் கைப்பேசிதான் இருந்தது. அதற்கு இந்த முகவரியை உலாவியில் தட்டினால் போதும். முதல் கட்டுரையின் எண்ணை வைத்தே காட்டுகிறேன்:

```
https://api.unpaywall.org/v2/10.1371/journal.pone.0190003?email=YOUR_EMAIL
```

YOUR_EMAIL என்ற இடத்தில் உங்கள் மின்னஞ்சலைப் போடுங்கள். பார்க்கக் குழப்பமான எழுத்துக் குவியல்தான் வரும். அதில் `is_oa` என்பதற்கு நேராக `true` இருக்கிறதா என்று மட்டும் முதலில் பாருங்கள். இருந்தால் `best_oa_location` என்ற பகுதியில் `url_for_pdf` என்ற இடத்தில் பெரும்பாலும் இணைப்பு இருக்கும். அங்கேயே `version` என்று ஒன்று உண்டு. எனக்கு நடந்த மோசடியைப் பிடிக்கிற இடம் அதுதான். `submittedVersion` என்றால் சரிபார்ப்புக்கு முந்தைய வரைவு. `acceptedVersion` என்றால் சரிபார்ப்பு முடிந்து ஆய்விதழ் ஏற்றுக்கொண்ட ஆசிரியரின் பிரதி. பக்க அமைப்பும் பக்க எண்ணும் வேறாக இருக்கும், மற்றபடி விஷயம் அதுதான். `publishedVersion` என்றால் அச்சான வடிவமே.

என் முக்கியமான கட்டுரையின் எண்ணைப் போட்டால் `acceptedVersion` என்று வந்தது! ஆசிரியரின் சொந்தப் பல்கலைக்கழகக் களஞ்சியத்தில் பதிப்பகத்தின் அனுமதியோடே இருந்தது. ஆய்விதழ்கள் பல, இந்தப் பிரதியைப் பொதுவில் வைக்க ஒரு வருடமோ அதற்கு மேலோ தடை போடும். இதற்கு அந்தத் தடைக் காலம் எப்போதோ முடிந்திருந்தது. காசு வாங்கியவர்கள் இதைக்கூடத் தேடவில்லை, கைக்குக் கிடைத்த வரைவை வெட்டி ஒட்டி 4,720க்கு விற்றார்கள்.

இரண்டாவது கட்டுரைக்கு `false` என்று வந்தது. அதோடு விட வேண்டியதில்லை என்றாள் அவள். ஆசிரியரின் சொந்த வலைப்பக்கத்தில் கிடக்கிற பிரதிகள் Unpaywall கண்ணில் படுவதில்லை. கூகுள் ஸ்காலரில் தலைப்பை மேற்கோள் குறிக்குள் போட்டுத் தேடி, அடியில் இருக்கிற All versions என்பதைத் தட்டினால் சில நேரம் அகப்படும். எனக்கு அதிலும் இல்லை. சுருக்கப் பக்கத்தில் தொடர்புக்கான ஆசிரியரின் மின்னஞ்சல் இருந்தது. என் பெயர், ஊர், எதற்காக வேண்டும் என்று நாலு வரி எழுதினேன். மறுநாளே அனுப்பிவிட்டார், கூடவே வாட்டில் வெட்டிய இடத்தின் படங்களும். ஒரு பைசா கேட்கவில்லை. முன்பின் தெரியாத அந்த மனிதருக்கு இருக்கிற மரியாதை, காசு வாங்கியவர்களுக்கு இல்லை.

சேமிக்கிறபோதும் கவனம் வேண்டும். பதிப்பகங்கள் சில கட்டுரைகளை உரிமம் ஏதும் போடாமல் கொஞ்ச நாள் திறந்து வைத்துவிட்டுத் திரும்பப் பூட்டிவிடும். இணைப்பை மட்டும் வைத்துக்கொண்டால் நாளைக்குக் கதவு சாத்தியிருக்கும். கோப்பையே இறக்கிக்கொண்டு, கோப்புப் பெயரிலேயே ஆசிரியர், ஆண்டு, எந்த வடிவம் என்று எழுதிவிடுங்கள். டிஓஐ எண், எங்கிருந்து எடுத்தது, எந்தத் தேதி, என்ன உரிமம் என்று ஒரு குறிப்பும் போடுங்கள். எங்கள் ஊரில் மழை பெய்தால் சிக்னல் போய்விடும், பாதியில் நின்ற கோப்பும் முழுசு போலவே பெயரோடு கிடக்கும். கடைசிப் பக்கம் வரை திறந்து பாருங்கள். மனுவில் மேற்கோள் காட்டும்போது ஆய்விதழில் வந்த வடிவத்தின் டிஓஐயையே போட வேண்டும். பெயர் குறிப்பிட்டால் போதும் என்கிற CC BY உரிமம் இருந்தால் பிரதியை இணைக்கலாம். உரிமம் இல்லாததும் ஆசிரியர் தனியாக அனுப்பியதும் நாம் படிக்க மட்டும்.

அரசுக் கல்லூரி, அரசுப் பல்கலைக்கழக மாணவர்கள் யாருக்கும் காசு கொடுக்கவே வேண்டாம். ஒரே நாடு ஒரே சந்தா திட்டத்தில் 2025 ஜனவரியிலிருந்து 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 ஆய்விதழ்கள் உங்களுக்குத் திறந்திருக்கின்றன. நூலகரிடம் கேளுங்கள். என்னைப் போலத் தனியார் நிறுவனத்தில் இருப்பவர்களுக்கு அது இல்லை, அதனால்தான் இவர்கள் நம்மைக் குறி வைக்கிறார்கள்.

ஆலோசனை விரிவாக எழுத நினைத்தேன், இப்போது பொறுமை இல்லை. டிஓஐயைத் தேடிப் பார்க்காமல் யாருக்கும் முன்பணம் அனுப்பாதீர்கள். ஜிஎஸ்டி கேட்டால் பதிவு எண் கேளுங்கள். ஓரத்தில் வரி எண் இருக்கிற பிடிஎஃபை அச்சான கட்டுரை என்று யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள். சைபர் குற்ற உதவி எண் 1930க்கு அழைத்துப் புகார் கொடுத்துவிட்டேன், நுகர்வோர் உதவி எண் 1915லும் பதிந்திருக்கிறேன். இதே ஆட்களிடம் பணம் போனவர்கள் இருந்தால் உரையாடலையும் ரசீதையும் அழிக்காமல் வைத்துக்கொண்டு நீங்களும் இன்றைக்கே புகார் கொடுங்கள், 4,720 ஆனாலும் சரி, 400 ஆனாலும் சரி.