நாலு மடங்கு பங்கு வாங்கித் தருகிறேன் என்பவரிடம், மார்ஜின் கால் யார் போனுக்கு வரும் என்று கேளுங்கள்

மஞ்சள் விற்ற பணம் ஒரு லட்சம் கையில் இருந்தது. ஈரோட்டில் ஒரு பங்குத் தரகரின் கிளை அலுவலகத்தில், "ஒரு லட்சத்துக்கு நாலு லட்சம் பங்கு வாங்கலாமுங்கண்ணா, மீதியைக் கம்பெனி போடும்" என்றார்கள். மீதி மூன்று லட்சம் கடன் என்றோ, 15 சதவீத வட்டியில் தினமும் சுமார் 123 ரூபாய் ஏறும் என்றோ சொல்லவில்லை.

400 ரூபாய் விலையில் 1000 பங்கு வாங்கினார்கள். விலை 10 சதவீதம் ஏறினால் லாபம் 40,000, அதாவது என் பணத்துக்கு 40 சதவீதம். இதை மட்டும் தாளில் எழுதிக் காட்டினார்கள். அதே 10 சதவீதம் இறங்கினாலும் என் பணத்தில்தான் 40,000 போகும். கடன் மூன்று லட்சம் அப்படியே நிற்கும். 25 சதவீதம் இறங்கினால் என் பணம் பூஜ்யம். அதற்குக் கீழே போனால் நான்தான் தரகருக்குப் பாக்கி.

விலை 360-க்கு வந்தது. பங்கின் மதிப்பு 3,60,000. கடன் போக என்னுடையது 60,000. மதிப்பில் 25 சதவீதம், அதாவது 90,000 என்னுடையதாக இருக்க வேண்டும் என்பது அவர்கள் விதி. குறையும் 30,000-ஐக் கட்டு, இல்லையென்றால் பங்கை விற்போம் என்று வரும் அறிவிப்புதான் மார்ஜின் கால். 30,000-க்கு விற்றால் போதும் என்று நினைக்காதீர்கள். விற்ற பணம் கடனைத்தான் குறைக்கும். என் 60,000 மீதியில் 25 சதவீதம் ஆக வேண்டுமென்றால் 2,40,000-க்குத்தான் பங்கு வைத்திருக்கலாம். 1,20,000-க்கு, அதாவது 334 பங்கை விற்றாக வேண்டும். பங்கின் ஏற்ற இறக்கம் கூடினால் அந்த 25-ஐயே 35 ஆக்கவும் செய்வார்கள். அப்போது அதே விலையில் குறை 66,000.

எனக்கு அந்த அறிவிப்பு வரவே இல்லை. மறுநாள் சந்தை இன்னும் கீழே திறந்ததும் 330-க்கு மொத்தத்தையும் விற்றுவிட்டார்கள். வட்டியும் தரகும் போக 30,000-க்கும் குறைவாகத்தான் திரும்பியது. கொஞ்ச நாளில் விலை 390-க்கு ஏறியது. என்னிடம் பங்கு இல்லை.

கேட்டதற்கு, "எஸ்எம்எஸ் போயிருக்குங்களே" என்றார்கள். கணக்கு விவரத்தை வாங்கிப் பார்த்தால், செல் நம்பரும் மின்னஞ்சலும் அந்த அலுவலகத்துடையவை. படிவத்தை நிரப்பியது அவர்கள் ஆள். தரகரின் தலைமை அலுவலகத்துக்கு எழுதிவிட்டேன். அடுத்து செபியின் ஸ்கோர்ஸ் தளத்தில் புகார்.

இப்படி யாராவது உங்களுக்கு வாங்கித் தந்திருந்தால், இன்றைக்கே செயலியில் உங்கள் விவரப் பக்கத்தைத் திறந்து யார் நம்பர் இருக்கிறது என்று பாருங்கள். அப்புறம் லெட்ஜரை எடுத்து, வட்டி என்று பற்று விழுகிறதா என்று பாருங்கள். விழுந்தால் நீங்கள் கடனில் இருக்கிறீர்கள்.