கால் ஆணி மருந்தைக் கொடுத்து அனுப்பிய மருந்துக்கடை

கீழக்கரைப் பக்கத்து மருந்துக்கடை ஒன்றில் நடந்ததை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது. படகுக்குப் போகிற என் சேக்காளிக்கு ஆண்குறியின் தண்டில் மூன்று நான்கு சின்ன மருக்கள். தோல் நிறம்தான், மேல்பகுதி காலிஃப்ளவர் பூ மாதிரி சொரசொரப்பாக இருக்கும். வலி இல்லை, எப்போதாவது அரிப்பு. கூச்சத்தில் "மரு" என்று மட்டும் சொல்லியிருக்கிறான். எங்கே என்று கேட்காமலே கடைக்காரர் கால் ஆணிக்குப் போடும் சாலிசிலிக் அமில மருந்தை எடுத்துக் கொடுத்துவிட்டார். அது தடித்த பாதத் தோலை உரிக்க வைத்திருக்கும் மருந்து. அந்த மெல்லிய தோலில் பட்டதும் வெந்து புண்ணாகிவிட்டது. "மாப்ள, நடக்க முடியலடா" என்றான்.

நான் இருக்கும் லண்டனில் இப்படிப்பட்ட மருந்தின் தாளிலேயே முகத்திலும் பிறப்புறுப்பிலும் போடக் கூடாது என்று எழுதியிருக்கும். கடைக்காரரும் தனி அறைக்குக் கூப்பிட்டு விசாரிப்பார். இங்கே ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதாதா?

சரி என்று அவனை ராமநாதபுரம் அரசு மருத்துவமனையில் பால்வினை நோய்களைப் பார்க்கும் சுகவாழ்வு மையத்துக்குக் கூட்டிப்போனேன். அங்கே யாரும் அவனைக் கூச வைக்கவில்லை. டாக்டரம்மா நன்றாக வெளிச்சம் வைத்துப் பார்த்தார். சிபிலிஸ் நோயிலும் அந்த இடத்தில் தட்டையாக, ஈரமாக மரு போலவே வரும் என்பதால் ரத்தப் பரிசோதனையும் எழுதினார். புண் ஆறிய பிறகுதான் சிகிச்சை. சுற்றிலும் வாஸ்லின் தடவி, டிரைகுளோரோ அசிட்டிக் அமிலத்தை மருவின் மேல் மட்டும் துளியளவு வைத்தார். மரு வெள்ளையாக மாறியது. வாரம் ஒரு முறை, உதிரும் வரை இப்படித்தான். உறைய வைப்பது, மின்சாரத்தால் சுடுவது, வீட்டிலேயே வாரம் மூன்று இரவு போடும் இமிகுவிமோட் கிரீம் என்று வேறு வழிகளும் உண்டாம். கிரீம் என்றால் மாதக்கணக்கில் பொறுமை வேண்டும். எதைச் செய்தாலும் மருதான் போகும், வைரஸ் தோலில் கொஞ்ச காலம் தங்கலாம். அதனால் முதல் மூன்று மாதத்தில் திரும்ப வருவது சகஜம்.

அவனுக்குப் பெரிய பயம் வீட்டில்தான். "அவ என்ன நினைப்பா?" என்று கேட்டான். டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார்: இது ஹெச்பிவி வைரஸ், தோலோடு தோல் உரசிப் பரவுவது. தொற்றிச் சில வாரத்திலும் தெரியலாம், பல மாதம் கழித்தும் தெரியலாம். யாரிடமிருந்து எப்போது வந்தது என்று கண்டுபிடிக்க முடியாது. மரு இல்லாதவரிடமிருந்தும் வரும். ஆணுறை போட்டாலும் மூடாத இடத்தில் ஒட்டும், ஆனாலும் ஆபத்து குறையும். பெரும்பாலும் இதைக் கொண்டுவரும் 6, 11 வகைகள் புற்றுநோய் உண்டாக்குபவை அல்ல. அப்புறம், மனைவியையும் கூட்டிவரச் சொன்னார். ஒருவேளை அவர் கர்ப்பமாக இருந்தால் முதலிலேயே சொல்ல வேண்டும், ஏனென்றால் மருவுக்குப் போடும் போடோபிலின் போன்ற மருந்துகளை அப்போது தொடக் கூடாது.

அடுத்த வாரம் இருவரும் சேர்ந்தே போனார்கள்.