ஏலக்காய்க்கு 'ராயல்', 'எலைட்', 'காம்போ'னு பேர் வச்சு 23,600 ரூபாய் வாங்கிட்டுப் போயிட்டாங்க. கடைக்காரங்க படிச்சிட்டுப் போங்க

கம்பத்துல இருந்து குமுளி ஏறுற ரோட்டுல கடை. தேக்கடி போயிட்டுத் திரும்புறவங்க, மாலை போட்டுப் போறவங்க நிறுத்தி ஏலக்காய், மிளகு, கிராம்பு வாங்கிட்டுப் போவாங்க. கடையில பேர் தேவையே இல்ல. மூணு டப்பா திறந்திருக்கும், பெரிய காய், நடுக்காய், சின்னக்காய். கையில எடுத்துப் பாத்து "இதுல நூறு போடுங்க"ம்பாங்க. ஆன்லைன்ல அந்தக் கை கிடையாது. டப்பா செஞ்ச வேலையைப் பேர்தான் செய்யணும். அந்தப் பேர் வைக்கிற வேலைக்குத்தான், லிஸ்டிங் போட்டுத் தர்ற ஒரு ஏஜென்சிக்கு 20,000, ஜி.எஸ்.டி. 18 சதவீதம் சேர்த்து 23,600 ரூபாய் குடுத்தோம். போன வாரத்தோட அது தண்டம்னு உறுதியாயிருச்சு. ஆத்திரம் அடங்கல, அதான் இப்பவே எழுதுறேன்.

நம்பினது எந்த எடத்துலன்னு சொல்லணும். ஏஜென்சி ஆளு கடையில உக்காந்து டீ குடிச்சுக்கிட்டே லேப்டாப்பைத் திறந்தாரு. கறுப்புப் பை, தங்க எழுத்துல 'ராயல்'. பாக்க அவ்வளவு அழகு. "அண்ணே, எம்.எம். கணக்கெல்லாம் போடி ஏலத்துல பேசிக்கங்க. சென்னைக்காரனுக்குப் பேருதான் விக்கும்"னாரு. 'சரிதானே, நமக்குத்தான் வியாபாரம் தெரியும், இவருக்கு ஆன்லைன் தெரியும்'னு தோணுச்சு. அங்கேயே ஜிபே பண்ணியாச்சு, 23,600. எந்த பேருக்கு எந்தச் சரக்குன்னு ஒரு தாள்ல எழுதிக் குடுங்கன்னு அப்பவே கேட்டிருந்தா இந்தப் பதிவே கிடையாது.

அவர் வச்ச பேருங்களைப் பாருங்க. 'கிளாசிக்'னா 6 எம்.எம். காய், 100 கிராம். 'எலைட்'னா 7 எம்.எம்., 100 கிராம். 'ராயல்'னா 8 எம்.எம்., 100 கிராம். இது வரைக்கும் காயோட அளவு ஏறுது. அடுத்து 'ராயல் பிளஸ்'. அது என்ன, 8 எம்.எம்.க்கு மேலயா? இல்ல. அதே 8 எம்.எம்., 200 கிராம்! மூணு படி காய் அளவுல ஏறின பேரு நாலாவது படியில எடைக்குத் தாவிருச்சு. விலையை மறைச்சுட்டு வீட்டுல யாருகிட்டயாவது கேட்டுப் பாருங்க, ராயல் பெருசா எலைட் பெருசான்னு. ஆளுக்கு ஒண்ணு சொல்வாங்க. அந்த ரெண்டு சொல்லுக்கும் நடுவுல வரிசையே கிடையாது. சிறுசு, நடுத்தரம், பெருசுன்னா சின்னப் பிள்ளைக்கும் வரிசை தெரியும். ராயல், எலைட் எல்லாம் 'நல்லது'ன்னு மட்டும்தான் சொல்லும், எதைவிட நல்லதுன்னு சொல்லாது. 390 ரூபாய்க்கு எலைட் வாங்கினவங்க இதுதான் உசத்திக் காய்னு நெனச்சு வாங்கிட்டு, "படத்துல பெருசா இருந்துச்சு, வந்தது சிறுசா இருக்கு"ன்னு திருப்பி அனுப்புனாங்க. அவங்க மேல தப்பே இல்ல.

இதைவிடப் பெரிய கூத்து 'சைஸ்'ங்கிற சொல். ஏலக்காய் வியாபாரத்துல சைஸ்னா சல்லடைக் கணக்கு, காயோட குறுக்களவு எத்தனை எம்.எம்.ங்கிறது. ஆன்லைன் லிஸ்டிங் படிவத்துல சைஸ்னா பாக்கெட் எவ்வளவு பெருசுங்கிறது. ஏஜென்சி ஆளு ஒரே சைஸ் கட்டத்துல சிலதுக்கு 8னும், சிலதுக்கு 200னும், ஒண்ணுக்கு 'லார்ஜ்'னும் அடிச்சு விட்டிருக்காரு. வாங்குறவங்க போன்ல பாக்குறப்ப ஒரே வரிசையில பட்டன்: 'ராயல்', '200 கிராம்', 'லார்ஜ்', 'காம்போ'. லார்ஜ்னா காயா, பையா? அமுக்குறவங்களுக்கு எப்படித் தெரியும்?

செய்ய வேண்டியது ஒண்ணும் பெரிய வித்தை இல்ல. எந்த எந்த விஷயத்துல சரக்கு மாறுதுன்னு முதல்ல எண்ணணும். எங்களுக்கு ரெண்டே ரெண்டு: காய் அளவு, எடை. அப்ப பட்டன் வரிசையும் ரெண்டு இருக்கணும். முதல் வரிசை 'காய் அளவு', அதுல 6 மி.மீ. சிறிய காய், 7 மி.மீ. நடுத்தரக் காய், 8 மி.மீ. பெரிய காய். ரெண்டாவது வரிசை 'எடை', அதுல 50, 100, 200 கிராம். மூணு மூணு ஒன்பது, முடிஞ்சது. எல்லாத்துக்கும் பொதுவான 'பச்சை ஏலக்காய்'ங்கிறது தலைப்புல ஒரு தடவை வந்தாப் போதும், பட்டன்ல வரவே கூடாது. மாறுறது மட்டும்தான் பட்டனுக்குள்ள. தலைப்புலயும் சரக்கு, காய் அளவு, எடைங்கிற வரிசை ஒன்பதுலயும் ஒண்ணா இருக்கணும். போன்ல நீளத் தலைப்போட வால் வெட்டுப்பட்டுரும். இவர் முதல்ல பிராண்ட் பேரு, அப்புறம் 'பிரீமியம் குவாலிட்டி நேச்சுரல் ஆரோமேட்டிக்', கடைசியிலதான் எடை போட்டிருந்தாரு. போன்ல எல்லாமே ஒரே சரக்கு மாதிரி தெரிஞ்சுச்சு.

எம்.எம். மட்டும் போட்டாப் போதுமான்னா, போதாது. அக்மார்க் தரத்துல 'ஆலப்பி கிரீன் எக்ஸ்ட்ரா போல்டு'ன்னு இருக்கு, போடியிலயும் புத்தடியிலயும் ஏலம் எடுக்குறவங்களுக்கு அது புரியும். சமையக்கட்டுல இருக்குறவங்களுக்கு 'போல்டு'ன்னா ஒண்ணும் தெரியாது. அதான் எண்ணையும் போட்டு, பக்கத்துலயே பெரிய காய்னு பேச்சு வழக்குலயும் எழுதணும். இன்னொண்ணு, 8 மி.மீ.ங்கிறது பருமன் மட்டும்தான். நிறம் வெளுத்திருக்கா, உள்ள விதை நெறஞ்சிருக்காங்கிறதை அது சொல்லாது. அதைப் படத்துலயும் விவரத்துலயும்தான் சொல்லணும். பேர்ல 'பெஸ்ட்'னு போட்டு ஈடுகட்ட முடியாது.

இனி காம்போ. எங்க 23,600 ரூபாய்க்குக் கொள்ளி வச்சதே இதுதான். உள்ள இருந்தது 8 எம்.எம். ஏலக்காய் 100 கிராம், மிளகு 100 கிராம், கிராம்பு 50 கிராம். அவர் வச்ச தலைப்பு: 'ஏலக்காய் ஃபேமிலி காம்போ 250 கிராம்', விலை 599. கணக்குப் போட்டுப் பாருங்க. பக்கத்துலயே 100 கிராம் ஏலக்காய் 450னு நிக்குது. 250 கிராம் ஏலக்காய் 599னா யாருதான் அமுக்க மாட்டாங்க? அஞ்சு வாரத்துல வந்த 38 ஆர்டர்ல 14 திரும்பி வந்துச்சு, அதுல 9 இந்தக் காம்போ. "ஏலக்காயைக் கொறச்சு மிளகைப் போட்டு ஏமாத்துறீங்களா சார்?"னு ஒரு அம்மா கேட்டாங்க. அந்தத் தலைப்பைப் படிச்சா அப்படித்தான் படும். வெவ்வேற பொருள் சேர்ந்த பொதியில ஒவ்வொண்ணோட எடையும் தனித்தனியாத் தெரியணும். மொத்த எடையை ஒரு பொருள் பேரோட ஒட்டவே கூடாது. 'ஏலக்காய் 100 கிராம் + மிளகு 100 கிராம் + கிராம்பு 50 கிராம், 3 பாக்கெட்'. இவ்வளவுதான் பேரு. ஃபேமிலியும் வேணாம், ஃபெஸ்டிவலும் வேணாம்.

இந்தக் காம்போவை ஏலக்காய் லிஸ்டிங்குக்குள்ளயே ஒரு பட்டனா வேற சொருகிட்டாரு. பல தளங்கள்ல ஒரே லிஸ்டிங்ல இருக்குற எல்லா வகைக்கும் ரிவ்யூ ஒண்ணாச் சேரும். கிராம்பு தூளா இருக்குன்னு ஒருத்தர் போட்ட ஒரு ஸ்டார் ஏலக்காய் தலையில விழுந்துச்சு. ஒரே சரக்கு அளவு மாறினாத்தான் ஒரே லிஸ்டிங். உள்ள இருக்குறதே வேறன்னா தனி லிஸ்டிங்.

'100 கிராம் பேக் ஆஃப் 2'ன்னும் ஒண்ணு இருந்துச்சு. அனுப்புனது 50 கிராம் பாக்கெட் ரெண்டு. படிக்கிறவங்க 100 கிராம் ரெண்டுன்னு எடுத்துக்கிட்டாங்க. '50 கிராம் × 2 பாக்கெட், மொத்தம் 100 கிராம்'னு எழுதினா சண்டையே இல்ல.

வாங்குறவங்களை விடுங்க, பேக்கிங் மேசையிலயே குழப்பம். ஸ்டாக் கோடு RYL01, RYL02, ELT01னு குடுத்திருந்தாரு. 200 கிராம் போக வேண்டிய RYL02 ஆர்டர் ரெண்டுக்குப் பையன் வெறும் 100 கிராமைப் போட்டு அனுப்பிட்டான். இப்ப நாங்களே மாத்தி எழுதி ஒட்டியிருக்கோம்:

```
ELA-8MM-100G
ELA-8MM-50GX2
MIX-ELA100-MIL100-KIR50
```

கோடைப் படிச்சாலே எந்த டப்பாவுல கை போகணும்னு தெரியுது.

இதையெல்லாம் சொல்லி மாத்தித் தாங்கன்னு கேட்டப்ப வந்த பதில்களைக் கேளுங்க. முதல் வாரம், "அல்காரிதம் செட்டில் ஆகட்டும்ணே". ரெண்டாவது வாரம், "இது பிராண்டிங்ணே, கஸ்டமருக்குப் போகப் போகப் பழகிரும்". ஏலக்காய் வாங்குறவங்க என்ன எங்க பேரைப் படிச்சுப் பரீட்சையா எழுதப் போறாங்க? மூணாவது வாரம், "பேர் மாத்துறது ஸ்கோப்ல வராதுங்க, தனி சார்ஜ்". அண்ணே போயி 'ங்க' வந்துருச்சு. நாலாவது வாரம் ஒரு டிக்கெட் நம்பர். அதுக்கப்புறம் போன் எடுக்கல. நாங்களே மாத்தலாம்னு உள்ள போனா, விற்பனைக் கணக்கு அவங்க மெயில்ல தொறந்திருக்கு, பாஸ்வேர்டு நம்மகிட்ட இல்ல. 23,600 குடுத்தது நாங்க, எங்க ஏலக்காய்க்குப் பேர் மாத்துற உரிமை அவங்ககிட்ட.

என்ன செய்யணும்னு விவரமா எழுதத்தான் உக்காந்தேன், இப்ப நேரமில்ல. சுருக்கமா: கணக்கை உங்க மெயில், உங்க நம்பர்ல தொறங்க. பணம் குடுக்கும் முன்னாடி பேர்ப் பட்டியலை மட்டும், படமும் விலையும் இல்லாம, கடைக்கு வர்ற நாலு பேருகிட்ட காட்டி "எது பெருசு, உள்ள என்ன, எத்தனை பாக்கெட்"னு கேளுங்க. ஒருத்தர் தடுமாறினாலும் அந்தப் பேரைத் தூக்கிருங்க. பேர் திருத்தம் எத்தனை தடவை இலவசம்னு பில்லுலயே எழுதி வாங்குங்க. எங்க பில்லுல 'கேட்டலாக் சர்வீஸ் - 1, ரூ. 23,600'னு ஒரே வரி. நுகர்வோர் உதவி எண் 1915க்குச் சொல்லியிருக்கேன். பை அச்சடிக்கக் குடுக்குறவங்க கொஞ்சம் பொறுங்க, 'ராயல்'னு தங்க எழுத்துல அடிச்ச பை இங்க ரெண்டு மூட்டை கிடக்கு.