தினமும் கணக்கு நேரானது, பணம் மட்டும் போய்க்கொண்டிருந்தது

கடை வைத்திருப்பவர்கள், குறிப்பாகக் கடனுக்கும் சரக்குக் கொடுப்பவர்கள், இதை ஒருமுறை படித்துவிட வேண்டும் என்பதற்காகவே நான் ஏமாந்த விதத்தை எழுதுகிறேன்.

பல ஆண்டுகள் மனக்கணக்கிலேயே கடையை ஓட்டிய நான், கடன் வாடிக்கையாளர்கள் அறுபது பேரைத் தாண்டிய பிறகுதான் முறையாகக் கணக்கு எழுதக் கற்றுக்கொண்டேன். காலை இருப்போடு ரொக்க விற்பனையையும் கடன் வசூலையும் கூட்டி, அன்றைய செலவைக் கழித்தால் வருகிற தொகை இரவில் கல்லாவில் இருக்க வேண்டும். அது தினமும் சரியாக இருந்தது. சில்லறை கூடப் பிசகாததைப் பார்த்து எனக்குப் பெருமையாகவும் இருந்தது. வசூலிப்பதையும் கடன் பேரேட்டில் வரவு வைப்பதையும் ஒரே பணியாளரிடம் விட்டிருந்தேன் என்பது அப்போது தவறாகவே தோன்றவில்லை.

அவர் உடல்நலமின்றி நான்கு நாட்கள் வராதபோதுதான் விஷயம் வெளியே வந்தது. ஒரு வாடிக்கையாளருக்குப் பாக்கியை நினைவூட்டினேன். அந்த அம்மா கைப்பையிலிருந்து ஒரு சிறு குறிப்பேட்டை எடுத்து, 9ஆம் தேதி 3,000 கொடுத்ததாக எழுதியிருந்த வரியை விரலால் காட்டினார். என் பேரேட்டில் அதே 9ஆம் தேதியில் அவர் பெயரில் 1,000 மட்டுமே வரவாகியிருந்தது. மீதி 2,000, 15ஆம் தேதியில் தனியாக ஏறியிருந்தது. "நான் ஒரே தடவையில்தானே கொடுத்தேன்?" என்றார். என்னிடம் பதில் இல்லை.

நடந்தது இதுதான். 3ஆம் தேதி ஒருவர் கொடுத்த 2,000 பேரேட்டிலும் ஏறவில்லை, கல்லாவிலும் விழவில்லை. பணியாளரின் சட்டைப்பைக்குப் போயிற்று. 9ஆம் தேதி இந்த அம்மா கொடுத்த 3,000இல் 2,000 அந்த முதலாமவர் பெயரிலும், மீதி 1,000 மட்டும் இவர் பெயரிலும் எழுதப்பட்டன. 15ஆம் தேதி மூன்றாமவர் கொடுத்த 2,500இல் 2,000 இந்த அம்மாவின் கணக்குக்கு வந்தது. ஒவ்வொரு நாளும் எழுதிய தொகையும் கல்லாவில் விழுந்த தொகையும் ஒன்றாகவே இருந்ததால் என் இரவுக் கணக்கு பிசகவே இல்லை. 2,000 என்ற ஓட்டை அடைபடாமல் ஒருவர் பெயரிலிருந்து இன்னொருவர் பெயருக்கு நகர்ந்துகொண்டே இருந்தது. இடையிடையே புதிய தொகைகளை எடுக்க எடுக்க அது பெரிதாகவும் ஆனது.

மொத்தக் கடன் நிலுவையைக் கூட்டிப் பார்த்திருந்தாலும் பயன் இருந்திருக்காது. நேற்றைய நிலுவையோடு இன்றைய கடன் விற்பனையைக் கூட்டி, வசூலைக் கழித்தால் அதுவும் சரியாகவே வரும். இந்தத் திருட்டு பெயர்களில்தான் தெரியும், கூட்டுத்தொகையில் தெரியாது. நிலுவை மாதாமாதம் ஏறியதை வியாபாரம் வளர்கிறது என்று எண்ணி, கூடுதல் சரக்கு எடுக்கவும் ஏற்பாடு செய்துகொண்டிருந்தேன். கடன் விற்பனை அப்படியொன்றும் ஏறவில்லை என்பதை அருகில் வைத்து ஒப்பிட்டிருந்தால் சந்தேகம் வந்திருக்கும். அவர் ஒரு நாள் கூட விடுப்பு எடுக்காததை நான் விசுவாசம் என்று நினைத்தேன். தொகையை இடம் மாற்ற அவர் கடையில் இருந்தே ஆகவேண்டும் என்பது பிறகுதான் புரிந்தது.

அந்த நான்கு நாட்களில் அத்தனை வாடிக்கையாளர்களிடமும் நானே பேசி, அவர்கள் சொன்ன பாக்கியையும் பேரேட்டில் இருந்த பாக்கியையும் ஒப்பிட்டேன். ஒன்பது பேரின் கணக்கு பொருந்தவில்லை. வித்தியாசம் மொத்தம் 46,500. திரும்பி வந்தவர் முதலில் மறுத்தார். தேதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்ததும் ஒப்புக்கொண்டார். ஒரு பகுதியைத்தான் மீட்க முடிந்தது.

இப்போது வசூலை ஒருவர் வாங்குகிறார், பேரேட்டை நான் எழுதுகிறேன். வரிசை எண் அச்சிட்ட ரசீதுப் புத்தகத்தில் அசலை வாடிக்கையாளரிடம் கொடுத்து, கார்பன் பிரதியை வைத்துக்கொள்கிறோம். இரவில் பிரதிகளின் மொத்தத்தோடு நிற்காமல், ஒவ்வொன்றின் பெயரும் தேதியும் தொகையும் பேரேட்டில் அப்படியே ஏறியிருக்கிறதா என்று பார்க்கிறேன். ரசீதே கொடுக்காமல் வாங்கினால் இதிலும் அகப்படாது. அதனால் மாத முடிவில் ஒவ்வொருவருக்கும் அவரவர் பாக்கியை என் கைப்பேசியிலிருந்து நானே அனுப்பி, சரிதானா என்று கேட்கிறேன். இதை மட்டும் வேறு யாரிடமும் விடுவதில்லை.

அந்த அம்மாவின் கணக்கைத் திருத்தி, மன்னிப்பும் கேட்டேன். பாக்கி எதுவும் இல்லை என்று எழுதி வாங்கிக்கொண்டு போனவர், அதன்பிறகு கடைக்கு வரவில்லை.