மதுரை ஃபிளாட்டை விற்ற கதை: வரியை ஏன் வாங்குபவர் பிடிக்க வேண்டும்?

2014இல் மதுரை கே.கே. நகரில் ஒரு ஃபிளாட் வாங்கினேன். பதிவுச் செலவெல்லாம் சேர்த்து 56 லட்சம் ஆனது. அப்பா, அம்மா இருந்தவரை அதில் இருந்தார்கள். அப்புறம் இரண்டு வருடம் பூட்டியே கிடந்தது. விற்றுவிடலாம் என்று முடிவெடுத்து, 2025 ஜனவரியில் மெல்போர்னிலிருந்து இரண்டு மாத விடுப்பில் ஊருக்கு வந்தேன்.

வந்த வாரத்திலேயே ஆள் அமைந்தது. ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர். 80 லட்சத்துக்குப் பேசி முடித்தோம். 55 லட்சம் வங்கிக் கடன், மீதி அவர் சேமிப்பு. புரோக்கர் அன்றே சொன்னார்: "50 லட்சத்துக்கு மேல போனா ஒரு பர்சன்ட் டிடிஎஸ்ணே. எண்பதாயிரம். சார் ஆன்லைன்ல கட்டிருவாரு, வேலை முடிஞ்சது."

வாங்குபவர் விலையிலிருந்து பிடித்து அரசுக்குக் கட்டும் அந்த ஒரு சதவீத வரி, விற்பவர் இந்தியாவில் குடியிருப்பவராக இருந்தால்தான். நான் வெளிநாட்டில் இருக்கிறேன் என்றேன். "உங்ககிட்ட இந்தியப் பாஸ்போர்ட்டுதானே இருக்கு? பான் இருக்கு. நீங்க எப்படி என்ஆர்ஐ ஆவீங்க?" என்று கேட்டார். இதில்தான் நிறையப் பேர் இடறுகிறார்கள். வருமான வரிச் சட்டம் பாஸ்போர்ட்டைப் பார்ப்பதில்லை. அந்த நிதியாண்டில் எத்தனை நாள் இந்தியாவில் இருந்தோம் என்பதைத்தான் பார்க்கிறது. 182 நாள் என்பதுதான் பொதுவான கோடு, அதற்குச் சில கிளை விதிகள் உண்டு. வருடத்துக்கு ஒரு மாதம் வந்து போகிற நான் எப்படி எண்ணினாலும் வெளியே வசிப்பவன்தான்.

என்னுடன் வேலை பார்ப்பவர் ஒருவர் இதே மாதிரி கோயம்புத்தூரில் மனை விற்றார். வாங்கியவர் ஒரு சதவீதம் மட்டும் பிடித்தார். இரண்டு வருடம் கழித்து நோட்டீஸ் வந்தது விற்றவருக்கு இல்லை, வாங்கியவருக்கு. அது தெரிந்திருந்ததால், தலைமை ஆசிரியரை நானே ஒரு ஆடிட்டரிடம் கூட்டிப் போனேன்.

ஆடிட்டர் மேடம் முதலில் கேட்டது ஒன்றுதான்: "சார், இவர் விமானம் ஏறிட்டா, வரித்துறை இவரை எங்கே போய்ப் பிடிக்கும்?" பணம் நாட்டைவிட்டுப் போவதற்கு முன் கடைசியாக இருக்கிற கை வாங்குபவருடையது. அதனால்தான் அப்போதைய வருமான வரிச் சட்டத்தின் 195ஆம் பிரிவு அந்தக் கையிலேயே வரியைப் பிடித்து வைக்கச் சொன்னது. வெளிநாட்டில் வசிப்பவருக்கு வரிக்கு உட்பட்ட பணத்தைக் கொடுக்கும் யாரும், கொடுக்கும்போதே பிடித்துக் கட்ட வேண்டும். இதற்கு 50 லட்சம் என்ற வரம்பு கிடையாது. பத்து லட்சத்து மனையாக இருந்தாலும் இதே விதிதான்.

பிடிக்காவிட்டால் வாங்கியவரே வரி பாக்கிக்காரர் ஆகிவிடுகிறார். பிடிக்காத வரி, அதற்கு மாதம் ஒரு சதவீத வட்டி, அதற்கும் மேல் வரித்தொகை அளவுக்கு அபராதம் வரை போகலாம். பிடித்துவிட்டுக் கட்டாமல் வைத்திருந்தால் வட்டி மாதம் ஒன்றரை சதவீதம். விற்றவர் தன் கணக்கைத் தாக்கல் செய்து வரியைக் கட்டியிருந்தால், ஒரு ஆடிட்டர் சான்றோடு வாங்கியவர் அந்த வரியிலிருந்து தப்பிக்க வழி உண்டு. ஆனால் வட்டி தப்பாது. அதற்கும் வெளிநாட்டில் இருக்கிற ஆள் ஒத்துழைக்க வேண்டும். முகம் தெரியாத ஒருவரை நம்பி ஓய்வூதியக்காரர் எடுக்கக்கூடிய ஆபத்து இல்லை அது.

தலைமை ஆசிரியர் பேனாவை எடுத்தார். பையில் இருந்த கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கத்தில் மேடம் சொல்லச் சொல்ல எழுதினார். இரண்டு வருடத்துக்கு மேல் வைத்திருந்த வீடு, அதனால் நீண்டகால மூலதன ஆதாயம். 2024 ஜூலை 23 முதல் விற்றால் விகிதம் 12.5 சதவீதம். 80 லட்சத்துக்கு 10 லட்சம். தொகை 50 லட்சத்தைத் தாண்டுவதால் அந்த வரிமேல் 10 சதவீதக் கூடுதல் வரி, ஒரு லட்சம். மொத்தத்துக்கு 4 சதவீத செஸ், 44,000. கூட்டினால் 11,44,000 ரூபாய், விலையில் 14.3 சதவீதம். அவர் அந்த எண்ணுக்கு அடியில் இரண்டு கோடு போட்டார். பக்கத்திலேயே புரோக்கர் சொன்ன 80,000 இருந்தது.

எனக்கு இன்னொரு கணக்கு இருந்தது. 80இல் 56 போனால் என் லாபம் 24 லட்சம். அதற்கு 12.5 சதவீதம் 3 லட்சம், செஸ் 12,000. ஆக என் உண்மையான வரி 3,12,000தான். லாபம் 50 லட்சத்தைத் தொடாததால் கூடுதல் வரி வராது. அப்படியானால் 11 லட்சத்தை ஏன் பிடிக்க வேண்டும்?

வாங்குபவருக்கு என் லாபம் தெரியாது. நான் காட்டும் பழைய பத்திரத்தை வைத்து அவரே கணக்குப் போட்டுக் குறைத்துப் பிடித்து, அது தவறென்று பின்னால் தெரிந்தால் பாக்கி அவர் தலையில் விழும். அதனால் முழு விலைக்கும் பிடித்துக்கொள்வதுதான் அவருக்குப் பாதுகாப்பு. குறைத்துப் பிடிக்க வேண்டுமானால் வரி அதிகாரியின் சான்று வேண்டும். அதை விற்பவரான நான்தான் படிவம் 13இல், வருமான வரித்துறையின் ட்ரேசஸ் தளம் வழியாகக் கேட்க வேண்டும். கேட்காவிட்டாலும் கூடுதலாகப் போன 8,32,000 ரூபாய் கணக்குத் தாக்கல் செய்தபின் திரும்ப வரும். ஆனால் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

சரி, சான்றுக்கே விண்ணப்பிப்போம் என்று முடிவு செய்தோம். அதற்கு முதலில் வாங்குபவருக்கு டான் வேண்டும், அதாவது வரி பிடிப்பவருக்கான பதிவு எண். தலைமை ஆசிரியர் தயங்கினார். "டான் கம்பெனிக்குத்தானே தம்பி? எனக்கு எதுக்கு?" ஒரு சதவீதம் பிடிக்கும் முறையில் பான் போதும். 195இல் பிடிப்பவருக்கு, தனி நபராக இருந்தாலும், நான் விற்றபோது டான் கட்டாயம். விண்ணப்பித்து ஒரு வாரத்தில் வந்தது. ஆடிட்டர் கட்டணத்தை நான்தான் கொடுத்தேன். நான் வெளிநாட்டில் இருப்பதால்தான் அவருக்கு இந்த அலைச்சல், அதை அவர் சுமப்பது நியாயமில்லை.

டான் வந்தபின் ஜனவரி 20 அன்று கிரைய ஒப்பந்தம் போட்டோம். அதில் என் மெல்போர்ன் முகவரியும், நான் வெளியே வசிப்பவன் என்பதும், 195இன்படி வரி பிடித்தபின் மீதியே தரப்படும் என்பதும் எழுதப்பட்டன. அட்வான்ஸ் 10 லட்சம் என்பது பேச்சு. மேடம் அதை 2 லட்சமாகக் குறைக்கச் சொன்னார். வரியைப் பத்திரப் பதிவன்று மட்டும் பிடித்தால் போதாது, ஒவ்வொரு முறை பணம் கொடுக்கும்போதும் பிடிக்க வேண்டும். அட்வான்ஸுக்கும் அதே விதிதான். சான்று வந்த தேதிக்குப் பிறகு கொடுக்கும் பணத்துக்குத்தான் குறைந்த விகிதம் செல்லும், முன்னால் கொடுத்ததற்குச் செல்லாது. அந்த 2 லட்சத்துக்கு 14.3 சதவீதம் பிடித்து, 28,600 ரூபாயைப் பிப்ரவரி 7க்குள் அவர் கட்டினார். என் கைக்கு வந்தது 1,71,400.

இரண்டு நாள் கழித்துப் படிவம் 13 போனது. வாங்கிய பத்திரம், அன்று பணம் கொடுத்த வங்கிக் கணக்கு விவரம், புதிய ஒப்பந்தம், லாபக் கணக்கு, முந்தைய வருடங்களின் வரித் தாக்கல், தலைமை ஆசிரியரின் டான். இங்கேதான் ஒரு தடங்கல். என் பான் இன்னும் மதுரை வரி அலுவலகத்தின் கீழேயே இருந்தது. இந்தியாவில் வேலை பார்த்த காலத்துப் பதிவு அது. வெளியே வசிப்பவர்களின் விண்ணப்பத்தைப் பார்ப்பது சென்னையில் உள்ள சர்வதேச வரிப் பிரிவு. பானை அங்கே மாற்றக் கடிதம் கொடுத்து, மாறி முடிய ஒன்பது நாள் ஆனது. வருமான வரித் தளத்தில் உங்கள் பான் எந்த அதிகாரியின் கீழ் இருக்கிறது என்று பார்க்கலாம். விற்கும் எண்ணம் இருந்தால் விமானம் ஏறும் முன்பே அதைப் பார்த்து மாற்றிவிடுங்கள். எனக்கு இதை யாரும் சொல்லவில்லை.

அப்புறம் சென்னை அதிகாரி ஒரு விளக்கம் கேட்டார். பதிவுச் செலவுக்கு ஆதாரம் எங்கே என்பதுதான் கேள்வி. பத்திரத்தில் ஒட்டிய முத்திரைத்தாள் விவரமும் பதிவுக் கட்டண ரசீதும் கொடுத்தோம். பிப்ரவரி 24 அன்று சான்று வந்தது. மீதி 78 லட்சத்துக்கு விகிதம் 3.9 சதவீதம். சான்றில் வாங்குபவரின் டான், தொகை, செல்லுபடியாகும் நாள் எல்லாம் அச்சாகியிருக்கும். அது மார்ச் 31 வரைதான் செல்லும். நிதியாண்டைத் தாண்டினால் மறுபடி முதலிலிருந்து கேட்க வேண்டும். பிப்ரவரி, மார்ச்சில் விற்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

கடன் கொடுத்த வங்கியிலும் ஒரு நாள் போனது. தங்கள் 55 லட்சத்தை முழுசாக விற்பவர் பெயரில்தான் கொடுப்போம் என்றார்கள். அது சரிதான். ஆக வரித்தொகை தலைமை ஆசிரியரின் சொந்தப் பங்கிலிருந்து கழிய வேண்டும் என்று மேடம் எழுத்தில் கொடுத்தார். மார்ச் 5 அன்று பத்திரம் பதிவானது. 78 லட்சத்தில் 3,04,200 பிடித்து மீதி, வெளிநாட்டில் வசிப்பவர் இந்திய வங்கியில் வைத்திருக்கும் என்ஆர்ஓ கணக்குக்கு வந்தது.

இதோடு முடிந்தது என்று நினைத்தால் தவறு. பிடித்த வரியை அரசுக்குக் கட்டினாலும், வாங்குபவர் 27Q என்ற காலாண்டு அறிக்கையைத் தாக்கல் செய்து, அதில் சான்று எண்ணையும் என் பானையும் சரியாகக் குறிப்பிட்டால்தான் என் பெயரில் வரவு விழும். ஒரு சதவீதக்காரர்கள் பயன்படுத்தும் 26QB படிவத்தில் கட்டினால் அது தவறான கணக்கு, திருத்துவது பெரும் பாடு. மார்ச் மாதம் பிடித்த வரியைக் கட்ட ஏப்ரல் 30 வரையும், 27Q தாக்கல் செய்ய மே 31 வரையும் அவகாசம். நான் அதற்குள் மெல்போர்ன் திரும்பிவிட்டேன்.

2026 ஏப்ரல் முதல் புதிய வருமான வரிச் சட்டம் நடைமுறையில் இருப்பதால் நான் சொன்ன பிரிவு, படிவ எண்கள் மாறிவிட்டன, நடைமுறையிலும் மாற்றம் இருக்கலாம். இனி விற்பவர்கள் அப்போதைய நிலவரத்தை ஆடிட்டரிடம் உறுதி செய்துகொள்ளுங்கள்.

ஏப்ரல் இரண்டாம் வாரம் தலைமை ஆசிரியர் வரி கட்டிய சலானைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினார். என் பானில் வரவான வரியைக் காட்டும் 26AS அறிக்கையைத் திறந்து பார்த்தேன். ஒன்றும் இல்லை. மே கடைசியில் 27Q போனது. ஜூன் நடுவில் அவரிடமிருந்து வரி பிடித்ததற்கான சான்றான படிவம் 16A வந்தபோது 26AS-இலும் 3,32,800 ரூபாய் தெரிந்தது. என் வரி 3,12,000 போக மீதி 20,800ஐத் திருப்பிக் கேட்டு ஜூலையில் கணக்கைத் தாக்கல் செய்தேன்.