மூடி போட்ட கப்பில் 84 டிகிரி காபி: வாங்கும் முன் படியுங்கள்

வெளியே காபி வாங்கிக் குடிப்பவர்கள், அதிலும் மூடி போட்ட காகிதக் கப்பில் வாங்குகிறவர்கள், இதைப் படித்துவிட்டுப் போங்கள். கடையில் தரும் காபி பல நேரம் குடிக்கிற சூட்டில் இருப்பதில்லை. தோலில் பட்ட ஒரு நொடியில் வெந்துபோகிற சூட்டில் இருக்கிறது. அந்தச் சூடு கைக்கும் உதட்டுக்கும் முன்கூட்டியே தெரியாதபடி கப்பும் மூடியும் மறைத்துவிடுகின்றன.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். பால் சேர்க்காத காபி கேட்டேன். நல்ல சூடாக வேண்டும் என்றெல்லாம் சொல்லவில்லை. சூட்டுத் தட்டின் மேல் இருந்த கண்ணாடிக் குடுவையிலிருந்து ஊற்றினார்கள். கப் கையைச் சுடும் என்று இன்னொரு காலி கப்பை வெளியே செருகி, மூடியை அழுத்திக் கொடுத்தார்கள். கையில் வாங்கியபோது இதமான சூடுதான். உட்கார்ந்து, மூடியின் ஓட்டையில் வாய் வைத்து உறிஞ்சினேன். நாக்கும் மேலண்ணமும் பொசுங்கின. உடம்பு தூக்கிப்போட்டதில் கை கப்பை இறுக்க, மூடி ஒரு பக்கம் எகிறி, பாதிக் காபி தொடையில் கொட்டிவிட்டது.

அடுத்து நடந்ததுதான் இந்தப் பதிவை எழுத வைத்தது. கடைப் பையன் பாவம், பதறிப்போய் ஐஸ் கட்டிகளைத் துணியில் சுற்றி எடுத்து வந்தான். மேலாளர் வந்தார். "காபின்னா சூடாத்தான் சார் இருக்கும். கப்புலயே எழுதியிருக்கு பாருங்க" என்றார். ஆமாம், எழுதியிருந்தது, வெளியே செருகிய கப்புக்கு உள்ளே இருந்த கப்பில். பிறகு, "92 டிகிரில போட்டாத்தான் ருசி வரும்" என்று விளக்கமும் சொன்னார். கடைசியாக இன்னொரு காபி இலவசமாகத் தரட்டுமா என்று கேட்டார். அதே குடுவையிலிருந்து!

அந்த 92 டிகிரி வாதத்தைப் பலரும் நம்புகிறார்கள், ஆகவே அதைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம். காபித் தூளின் மேல் ஊற்றும் வெந்நீர் 90 முதல் 96 டிகிரி செல்சியஸ் வரை இருந்தால்தான் சாறு சரியாக இறங்கும். அது உண்மை. ஆனால் அது தயாரிக்கும் சூடு. சாறு இறங்கி முடிந்தபின் அதே சூட்டில் வைத்திருப்பதால் ருசி ஒன்றும் கூடாது. சூட்டுத் தட்டில் வெகுநேரம் காய்ந்த காபி கசந்துதான் போகும். தயாரித்ததை 80 டிகிரிக்கு மேல் வைத்திருப்பது கடைக்கு ஒரு வசதி: வாங்கியவர் எங்கே, எப்போது குடித்தாலும் "ஆறிப்போச்சு" என்று திரும்பி வரமாட்டார். அந்த வசதிக்கான விலையை நம் தோல் கொடுக்கிறது.

மக்கள் எந்தச் சூட்டில் குடிக்க விரும்புகிறார்கள் என்பதையும் ஆராய்ந்திருக்கிறார்கள். காபியைத் தாங்களே கலந்து பிடித்த சூட்டுக்குக் கொண்டுவரச் சொன்னபோது, பலரும் வந்து நின்றது சுமார் 60 டிகிரியில். பிறகு 2008-இல் இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள், குடிப்பவரின் விருப்பத்தையும் தோல் வேகும் வேகத்தையும் சேர்த்துக் கணக்குப் போட்டு, பரிமாற ஏற்ற சூடு சுமார் 58 டிகிரி என்றார்கள். அதைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருந்தாலும் பரவாயில்லை என்று நான் நினைப்பேன், ஆற்றிக் குடிக்க நமக்குத் தெரியும். ஆனால் 80-க்கும் 58-க்கும் நடுவே இருப்பது "கொஞ்சம்" இல்லை.

ஏன் என்றால் தோல் வேகும் நேரம் சூட்டோடு சீராகக் குறைவதில்லை, சரிந்து விழுகிறது. பெரியவர்களின் தோலில் 49 டிகிரி நீர் ஆழமான காயம் உண்டாக்கப் பல நிமிடங்கள் ஆகும். 55 டிகிரியில் அரை நிமிடம் போதும். 60-இல் ஏறத்தாழ 5 நொடி. 70-இல் ஒரு நொடி. 60 டிகிரி காபி மேலே கொட்டினால் துள்ளி எழுந்து துணியை உதறுவதற்கு நேரம் இருக்கிறது. 80-இல் கொட்டினால், நமக்கு வலி உறைப்பதற்குள் காயம் ஆகி முடிந்திருக்கும். குழந்தைகளின் தோல் மெல்லியது, அவர்களுக்கு இந்த நேரமெல்லாம் இன்னும் குறைவு. துணி மேல் கொட்டினால் கூடுதல் ஆபத்து. வெறும் தோலில் பட்ட காபி வழிந்து ஓடிவிடும், கெட்டியான பேண்ட் அதைக் குடித்துத் தோலோடு ஒட்டி வைத்துக்கொள்ளும். என் தொடையில் கொப்புளம் வந்தது பேண்ட் ஒட்டியிருந்த இடத்தில்தான். முழங்காலுக்குக் கீழே வழிந்த இடம் வெறுமனே சிவந்து அடங்கிவிட்டது.

"1992-இல் அமெரிக்காவில் காபி கொட்டிக்கொண்டு கோடி கோடியாய் வாங்கிய பாட்டி" என்று ஒரு கதை நகைச்சுவையாகச் சுற்றும். அவர் பெயர் ஸ்டெல்லா லீபெக், வயது 79. ஓட்டிக்கொண்டிருந்தவர் அவர் இல்லை, நின்றிருந்த காரில் பக்கத்து இருக்கையில் இருந்தார். பாலும் சர்க்கரையும் சேர்க்க மூடியைத் திறந்தபோது மெக்டொனால்ட்ஸ் காபி மடியில் கொட்டி, அணிந்திருந்த பருத்தி பேண்ட்டில் ஊறியது. தொடையில் மூன்றாம் நிலைத் தீக்காயம், தோல் ஒட்டு அறுவைச் சிகிச்சை. அந்த நிறுவனம் காபியை 82 முதல் 88 டிகிரியில் வைக்கச் சொல்லியிருந்தது என்பதும், அதற்கு முன்பே 700-க்கும் மேற்பட்ட சுட்ட புகார்கள் வந்திருந்தன என்பதும் நீதிமன்றத்தில் வெளியாயின. நடுவர் குழு 1994-இல் சொன்ன பெரிய தொகையை நீதிபதி வெகுவாகக் குறைத்தார். சிரித்தவர்கள் இந்தப் பகுதியைக் கேட்டதில்லை.

சரி, என் கதைக்கு வருகிறேன். காயம் ஆறியபின் நண்பரோடு அதே கடைக்குப் போய் அதே காபியை வாங்கினோம். சமையலறையில் இறைச்சியின் சூடு பார்க்கும் ஊசி வெப்பமானியைக் கொண்டுபோயிருந்தேன். மேசையில் வைத்து, மூடியின் ஓட்டை வழியே விட்டுப் பார்த்தால் 84 டிகிரி. மூடியைத் திறக்காமல் பத்து நிமிடம் வைத்தோம். அப்போதும் 75-ஐ ஒட்டியே நின்றது. இன்னொரு கப்பைத் திறந்து வைத்திருந்தோம், அது அதே நேரத்தில் 67-க்கு இறங்கிவிட்டது. திறந்த காபி பெரும்பாலும் ஆறுவது ஆவியாகி. மூடி அந்த வழியை அடைத்துவிடுகிறது. "வாங்கிப் பத்து நிமிஷம் ஆச்சே, ஆறியிருக்கும்" என்ற கணக்கு மூடி போட்ட கப்புக்குப் பொருந்தாது.

மூடியால் இன்னொரு கெடுதலும் உண்டு. திறந்த கப்பில் குடிக்கும்போது மூக்கில் ஆவி அடிக்கும், மேலுதட்டில் காபி பட்டதும் நிறுத்திக்கொள்வோம், காற்றோடு சேர்த்துச் சிறிதாக உறிஞ்சுவோம். அந்தக் காற்றே காபியைச் சில டிகிரி ஆற்றும். ஓட்டை வழியாகக் குடிக்கையில் இது எதுவும் இல்லை. எவ்வளவு சாய்த்தால் எவ்வளவு வரும் என்று கண்ணுக்குத் தெரியாது. ஒரு வாய் நிறைய வந்து நேராக நாக்கின் நடுவில் விழும்.

ஆகவே கடையில் வாங்கும்போது நான் இப்போது செய்வது இது. முதலில் மூடி வேண்டாம் என்கிறேன், அல்லது வாங்கியதும் மேசையில் வைத்து, கப்பைக் கையில் தூக்காமல், மூடியைக் கழற்றுகிறேன். வழியில் எடுத்துப் போகத்தான் வேண்டும் என்றால், காகிதக் கப்பின் பக்கத்தில் மேலிருந்து கீழாக ஒரு ஒட்டு வரி இருக்கும், மூடியின் ஓட்டை அந்த வரிக்கு நேரே வராமல் திருப்பிப் போடச் சொல்லுங்கள். மூடி சரியாக உட்காராமல் கசிவது பெரும்பாலும் அந்த வரி இருக்கும் இடத்தில்தான். கப்பை நிறைய ஊற்றாமல் மேலே இரண்டு விரல் இடம் விடச் சொல்வதும் உதவும். மடியில், தொடைகளுக்கு நடுவில் வைக்கவே கூடாது.

சூட்டைக் குறைக்க எளிய வழி குளிர்ந்த பால். 200 மில்லி காபி 84 டிகிரியில் இருக்கிறது, குளிர்பெட்டியில் இருந்த பால் 5 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். அதில் 40 மில்லி ஊற்றினால் சுமார் 71-க்கு வரும். பலர் இதோடு "பால் ஊற்றிட்டேன், ஆறிடுச்சு" என்று வாயில் வைத்துவிடுகிறார்கள். 71 இன்னும் ஒரு நொடிச் சூடு! 60-க்குக் கொண்டுவர 90 மில்லிக்குக் கிட்டத்தட்ட வேண்டும், அது காபியையே மாற்றிவிடும். எனவே கொஞ்சம் பால், அப்புறம் திறந்து வைத்துக் காத்திருப்பது, இரண்டும் சேர வேண்டும். கருப்புக் காபிக்காரர்கள் இன்னொரு காலிக் கப் கேட்டு இரண்டு மூன்று முறை மாற்றி ஊற்றினால் போதும், மளமளவென்று இறங்கும்.

கொட்டிவிட்டால்: ஐஸ் வேண்டாம், வெண்ணெய், பற்பசை, மாவு எதுவும் வேண்டாம். ஐஸ் ஏற்கெனவே அடிபட்ட தோலை மேலும் கெடுக்கும். ஊறிய துணியை உடனே கழற்றுங்கள், தோலோடு ஒட்டியிருந்தால் மட்டும் இழுக்காதீர்கள். விரலில் பட்டால் மோதிரத்தை வீங்குமுன் எடுத்துவிடுங்கள். பிறகு ஓடும் குளிர்ந்த குழாய் நீரில் 20 நிமிடம். இரண்டு நிமிடத்தில் எரிச்சல் குறைந்தது போல இருக்கும், நிறுத்தாதீர்கள், உள்ளே சூடு இன்னும் இருக்கும். என்னை அன்று குழாயடியில் அந்த நேரம் முழுக்க நிற்க வைத்தவர் பக்கத்து மேசைப் பெண்மணி ஒருவர், கடைக்காரர் இல்லை. முகம், கை, மூட்டு, பிறப்புறுப்பு இவற்றில் பட்டாலோ, உங்கள் உள்ளங்கையைவிடப் பெரிய இடத்தில் கொப்புளம் வந்தாலோ, அடிபட்டது குழந்தை என்றாலோ, நீரில் காட்டியபின் மருத்துவரிடம் போய்விடுங்கள். வாயில் சுட்டால் குளிர்ந்த நீரைக் கொஞ்சம் கொஞ்சமாக வாயில் வைத்துத் துப்பலாம். தொண்டை வீங்குவது போலவோ மூச்சு விடச் சிரமமாகவோ இருந்தால் காத்திருக்கக் கூடாது.

இந்த விபத்துப் பேச்சுக்கு வெளியே ஒன்று: உலகச் சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வுப் பிரிவு 2016-இல், 65 டிகிரிக்கு மேல் சூடான பானங்களைத் தொடர்ந்து குடிப்பது உணவுக்குழாய்ப் புற்றுநோயை உண்டாக்கக்கூடும் என்று வகைப்படுத்தியது. காரணமாகச் சொன்னது சூட்டை, காபியை இல்லை. கொதிக்கக் கொதிக்கக் குடிப்பதைப் பெருமையாகச் சொல்கிறவர்கள் கவனிக்கவும்.

கடைக்குப் புகார் எழுதினேன். கொப்புளத்தின் படம், மருத்துவச் சீட்டு, வெப்பமானியில் 84 காட்டிய படம் எல்லாம் வைத்து, "எந்தச் சூட்டில் பரிமாறச் சொல்லியிருக்கிறீர்கள்?" என்ற ஒரே கேள்வியைக் கேட்டேன். வருத்தம் தெரிவித்து, கப்பில் எச்சரிக்கை அச்சிடப்பட்டுள்ளது என்று நினைவூட்டி, அடுத்த முறைக்கான ஒரு இலவசச் சீட்டையும் இணைத்துப் பதில் அனுப்பினார்கள். கேள்விக்குப் பதில் அதில் இல்லை. திரும்பக் கேட்டிருக்கிறேன். நீங்களும் உங்கள் கடையில் இதே கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். எண்ணைச் சொல்லத் தெரியாத கடையில் மூடி போட்ட கப்பை வாங்காதீர்கள்.